பாய் விரிக்க இடம் உண்டா? யோகா நிலையத்துக்கு இணையதளம் அமைக்கும்போது முதலில் முடிவு செய்ய வேண்டியவை

காலை 5:45 பேட்ச் தொடங்க ஐந்து நிமிடம்தான் இருக்கிறது. கூடத்தில் 18 பாய் விரிக்கலாம். வாசலில் 19வது ஆள் செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கிறார். ஒருவர் போன மாதமே கட்டணம் முடிந்தவர், ஒருவர் இலவச வகுப்புக்குப் பதிந்தவர், இன்னொருவர் மாலை பேட்ச்சிலிருந்து இன்று மட்டும் மாறி வந்தவர். இவர்களில் யாருக்குப் பாய் உண்டு என்று முன்மேசையில் இருப்பவர் கைபேசியைப் பார்த்துச் சொல்ல முடிந்தால் தளம் சரியாகத் திட்டமிடப்பட்டிருக்கிறது என்று பொருள். முகப்பில் சூரிய நமஸ்காரப் படம் எவ்வளவு அழகாக இருந்தாலும், இந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்காவிட்டால் நோட்டுப் புத்தகம் ஒரு வாரத்தில் மேசைக்குத் திரும்பி வந்துவிடும்.

பெரும்பாலான திட்டங்கள் இங்கேதான் சறுக்குகின்றன. அட்டவணை ஒரு பக்கம், கட்டணம் ஒரு பக்கம், இலவச வகுப்புப் படிவம் ஒரு பக்கம் என்று மூன்றையும் தனித்தனி வேலையாக எண்ணி, ஒவ்வொன்றுக்கும் ஒரு கருவியை ஒட்டவைக்கிறார்கள். மூன்றும் சேர்ந்து பதில் சொல்ல வேண்டிய கேள்வி ஒன்றே: இந்த ஆளுக்கு இந்த நாளில் இந்த பேட்ச்சில் இடம் உண்டா?

எண்களோடு பார்த்தால் தெளிவாகும் என்பதால் ஒரு நிலையத்தை எடுத்துக்கொள்வோம். ஒரே கூடம், 18 பாய். நாளுக்கு ஐந்து பேட்ச்: காலை 5:45, 7:00, 9:30, மாலை 5:30, 6:45. திங்கள்-புதன்-வெள்ளி ஒரு அணி, செவ்வாய்-வியாழன்-சனி ஒரு அணி, ஞாயிறு விடுமுறை. சுமார் 85 உறுப்பினர்கள், மாதம் ₹1,800. தமிழ்நாட்டின் எந்த நடுத்தர ஊரிலும் இப்படி ஒன்றைப் பார்க்கலாம்.

அட்டவணை

வெளிநாட்டுத் தயாரிப்பான மென்பொருள்களில் பல, ஒவ்வொரு வகுப்புக்கும் உறுப்பினர் தனித்தனியாக முன்பதிவு செய்வார் என்ற கணக்கில் கட்டப்பட்டவை. நம் ஊர்ப் பழக்கம் வேறு. “நான் காலை 5:45 பேட்ச், திங்கள்-புதன்-வெள்ளி” என்று ஒருமுறை சேர்ந்துவிட்டால் அதன்பின் அவர் வருவார், அவ்வளவுதான். வாரத்துக்கு மூன்று முறை செயலியைத் திறந்து இடம் பிடிக்கச் சொன்னால் ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்கள் பதியவே மாட்டார்கள். பதியாமலே வந்து நிற்பார்கள். ஆகவே முன்பதிவைத் தலைகீழாக வைக்க வேண்டும். சேரும்போதே ஒரு சொந்த பேட்ச். அந்த பேட்ச்சின் எல்லா வகுப்புகளிலும் அவருக்கு இடம் தானாகவே உண்டு. வர முடியாத நாளில் மட்டும் “இன்று வரவில்லை” என்று ஒரு பொத்தானை அழுத்துகிறார். அப்படிக் காலியாகும் இடத்தை வேறு பேட்ச்காரர் ஈடு வகுப்பாக எடுத்துக்கொள்ளலாம்.

இதற்கு இரண்டு அட்டவணைகள் வேண்டும். ஒன்றோடு நிறுத்துவதுதான் வழக்கமான தவறு. முதலாவது வார அமைப்பு: திங்கள் 5:45, ஆசிரியர் யார், எத்தனை பாய், எந்த நிலை. இரண்டாவது தேதியிட்ட வகுப்புகள்: ஜூன் 22, காலை 5:45, இன்னார் நடத்துகிறார். ஒவ்வோர் இரவும் ஒரு தானியங்கி வேலை, வார அமைப்பைப் பார்த்து அடுத்த 28 நாளுக்கான வகுப்புகளை உருவாக்கி வைக்கும். நம் நிலையத்தில் வாரம் 30 வகுப்பு என்பதால் எப்போதும் 120 வகுப்பு முன்னால் தயாராக இருக்கும்.

ஏன் இந்தப் பிரிப்பு? ஆசிரியருக்குக் காய்ச்சல் என்றால் அந்த ஒரு தேதியை மட்டும் திருத்தலாம். பொங்கலுக்கு மூன்று நாள் விடுமுறை என்றால் அந்தத் தேதிகளின் வகுப்புகளை “ரத்து” என்று குறிக்கலாம். வார அமைப்பு மட்டுமே இருந்தால், ஒரு நாள் மாற்றத்துக்காக அதைத் திருத்துவார்கள், மறுநாள் திருப்பி மாற்ற மறப்பார்கள். ரத்தான வகுப்பை அழிக்கக் கூடாது என்பதையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அழித்துவிட்டால் அதில் இலவச வகுப்புக்குப் பதிந்தவரின் பதிவும் சேர்ந்து போய்விடும். அவருக்குச் செய்தி அனுப்ப ஆள் யாரென்றே தெரியாது. ரத்து என்று காட்டினால் உறுப்பினரும் தளத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வார், வாட்ஸ்அப் குழுவில் “நாளைக்கு கிளாஸ் இருக்கா?” என்ற கேள்வி பாதியாகக் குறையும்.

ஈடு வகுப்பிலும் இலவச வகுப்பிலும் கடைசி ஒரு பாயை இருவர் ஒரே நொடியில் எடுக்கப் பார்ப்பார்கள். “எத்தனை பேர்?” என்று எண்ணிவிட்டுப் பிறகு பதிவு செய்யும் நிரலில், இருவருக்குமே 17 என்று தெரியும், இருவரும் பதிவாகி 19 ஆகிவிடும். எண்ணுவதற்கு முன் தரவுத்தளத்தில் அந்த வகுப்பின் வரியைப் பூட்ட வேண்டும்:

```sql
BEGIN;
SELECT capacity FROM sessions WHERE id = :sid FOR UPDATE;
SELECT count(*) FROM bookings
 WHERE session_id = :sid AND cancelled_at IS NULL;
-- இடம் இருந்தால் மட்டும் INSERT
COMMIT;
```

ரத்து செய்யும் கடைசி நேரத்தை “வகுப்புக்கு இரண்டு மணி நேரம் முன்பு” என்று ஒரே விதியாக வைத்துவிடுகிறார்கள். மாலை பேட்ச்சுக்கு அது சரி. காலை 5:45க்கு அது 3:45 ஆகிறது. அந்த நேரத்தில் காலியான இடத்தைக் காத்திருப்பில் உள்ளவருக்குச் செய்தியாக அனுப்பி என்ன பயன்? காலை பேட்ச்களுக்கு முந்தைய இரவு 9 மணி, மாலைக்கு இரண்டு மணி நேரம் முன்பு என்று இரண்டு விதி வேண்டும். காத்திருப்புப் பட்டியலும் அதே நேரத்தில் மூடட்டும்.

பார்வைக்கு: ஏழு நாளும் பக்கவாட்டில் விரியும் கட்டம் கணினியில் அழகு, கைபேசியில் தொல்லை. இன்றைய வகுப்புகள் மேலே, நாளை கீழே என்று பட்டியலாக வையுங்கள். வடிவமைப்பாளர் செய்து கொடுத்த படமாக அட்டவணையை ஏற்ற வேண்டாம். நேரம் மாறும் அன்று அவர் ஊரில் இருக்கமாட்டார்.

உறுப்பினருக்கு ஒரே ஒரு தேதி

“பணம் கட்டினாரா, இல்லையா?” என்று ஆம்-இல்லை பெட்டி வைத்தால் குழப்பம் தொடங்கிவிடும். மேசையில் ரொக்கமாகக் கட்டியவர், ஜிபேயில் அனுப்பியவர், மாதாமாதம் கணக்கிலிருந்து தானாகப் பணம் எடுக்கும் தானியங்கிக் கழிவில் இருப்பவர், ஆறு மாதம் ஒரேயடியாகக் கட்டியவர் எல்லாரும் ஒரே கூடத்தில் இருப்பார்கள். எல்லாருக்கும் பொதுவானது ஒரே விஷயம்: எந்தத் தேதி வரை வரலாம். அந்தத் தேதியை `valid_till` என்று உறுப்பினர் பதிவில் ஒரே இடத்தில் வையுங்கள். பணம் எந்த வழியில் வந்தாலும் அதன் ஒரே வேலை இந்தத் தேதியை முன்னே தள்ளுவதுதான். வாசலில் இருப்பவர் பார்ப்பதும் இதை மட்டும்தான். பழைய நோட்டிலிருந்து மாறும்போதும் இதுவே கைகொடுக்கும். 85 பேருக்கும் தலைக்கு ஒரு தேதி தட்டச்சு செய்தால் இடமாற்றம் முடிந்தது.

ஆனால் இந்தத் தேதியைத் தவறான இடத்தில் பயன்படுத்தினால் ஒரு வினோதமான பழுது வரும். 28 நாள் முன்னதாக வகுப்பு உருவாகும்போது, `valid_till` தாண்டிய தேதிகளில் உறுப்பினருக்கு இடம் ஒதுக்காமல் விட்டால், அடுத்த மாத வகுப்புகள் எல்லாம் காலியாகத் தெரியும். இலவச வகுப்புக்காரர்களும் ஈடு வகுப்புக்காரர்களும் அவற்றை நிரப்பிவிடுவார்கள். 5ஆம் தேதி ஒழுங்காகப் பணம் கட்டிய பழைய உறுப்பினர் வரும்போது அவர் பாயில் வேறொருவர் இருப்பார். ஆகவே சொந்த பேட்ச்சில் இடம் ஒதுக்குவது உறுப்பினராக இருக்கும்வரை தொடர வேண்டும். `valid_till` சரிபார்ப்பு வகுப்பு நாளன்று மட்டும். உறுப்பினர் விலகினார் என்று உறுதியான பிறகே அவர் இடம் விடுபட வேண்டும்.

மாதா மாதம் பணம் வருவது

கழிவு நாளை எல்லாருக்கும் 5ஆம் தேதி என்று வைப்பது நம் ஊருக்குப் பொருந்துகிறது. சேர்ந்த தேதியிலேயே மாதாமாதம் கழித்தால் 31ஆம் தேதி சேர்ந்தவருக்கு பிப்ரவரியில் என்ன செய்வது என்ற கேள்வி ஒருபுறம். மாதக் கடைசியில் கணக்கில் பணம் இருக்காது என்பது இன்னொருபுறம். சம்பளம் வந்த கையோடு எடுக்கும் கழிவு தோற்பது குறைவு.

அப்படியானால் ஜூன் 19 அன்று சேர்பவருக்கு? ஜூன் 19 முதல் ஜூலை 4 வரை 16 நாள். நாளுக்கு ₹60 கணக்கில் ₹960 இப்போது, ஜூலை 5 முதல் மாதம் ₹1,800. இணையத்தில் பணம் வாங்கித் தரும் பேமெண்ட் கேட்வேயான ரேசர்பேயின் சப்ஸ்கிரிப்ஷனில் இதை ஒரே நடையில் முடிக்கலாம்: `start_at` என்பதில் ஜூலை 5, `addons` என்பதில் ₹960. உறுப்பினர் ஒப்புதல் தரும்போதே ₹960 கழியும். தொகையைப் பைசாவில் கொடுக்க வேண்டும் என்பதை மறந்தால் ₹9.60 கழிந்து நிற்கும். சேரும் பக்கத்திலும் இந்த இரண்டு தொகையும் தேதியோடு தெரிய வேண்டும். “மாதம் ₹1,800” என்று மட்டும் படித்தவர் முதலில் ₹960, இரண்டு வாரத்தில் ₹1,800 என்று கழிவதைப் பார்த்தால் ஏமாற்று என்றே நினைப்பார்.

ரிசர்வ் வங்கியின் விதிகள் திட்டத்தையே மாற்றக்கூடியவை. கார்டோ யூபிஐ ஆட்டோபேயோ, ஒவ்வொரு கழிவுக்கும் ₹15,000 வரை மறுபடி ஓடிபியோ ரகசிய எண்ணோ வேண்டாம். அந்த வரம்பு கார்டுகளுக்கு முதலில் ₹5,000 ஆக இருந்து 2022 ஜூனில் உயர்ந்தது. அதைத் தாண்டினால் ஒவ்வொரு முறையும் உறுப்பினர் உறுதி செய்ய வேண்டும். ஆகவே ஆண்டுக் கட்டணம் ₹18,000 என்று வைத்து அதைத் தானியங்கிக் கழிவில் சேர்ப்பது வீண்; அடுத்த ஆண்டு அந்த நாளில் அது சத்தமில்லாமல் தோற்கும். ஆண்டுக்காரருக்கு முடிவதற்கு 15 நாள் முன்பு பணம் செலுத்தும் இணைப்பை அனுப்புவதே போதும்.

இன்னொரு விதி, கழிவுக்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பு உறுப்பினருக்கு முன்னறிவிப்பு போக வேண்டும் என்பது. அதை வங்கியோ யூபிஐ செயலியோ அனுப்பிவிடும். சிக்கல் எங்கே என்றால், அதில் வரும் பெயர் பேமெண்ட் கேட்வேயில் பதிந்த பெயர். நிலையத்தின் பலகையில் ஒரு பெயர், வங்கிக் கணக்கில் உரிமையாளரின் அப்பா தொடங்கிய டிரேடர்ஸ் பெயர் என்றால், 4ஆம் தேதி “யாரோ டிரேடர்ஸ் ₹1,800 எடுக்கப் போகிறது” என்று செய்தி வரும். உஷாரான ஆள் தானியங்கிக் கழிவுக்குத் தந்த ஒப்புதலான மேண்டேட்டை உடனே ரத்து செய்துவிடுவார். அவர் செய்ததில் தவறும் இல்லை. பில்லிங் பெயரைக் கணக்கு தொடங்கும்போதே சரிபாருங்கள். நிலையத்தின் பெயரிலேயே 3ஆம் தேதி உங்கள் பக்கமிருந்தும் ஒரு வாட்ஸ்அப் செய்தி போகட்டும்.

5ஆம் தேதி காலை 11 மணிக்குப் பணம் வரவில்லை என்று பதற வேண்டாம். 2025 ஆகஸ்ட் 1 முதல், யூபிஐயை நடத்தும் என்பிசிஐயின் விதிப்படி யூபிஐ ஆட்டோபே கழிவுகள் நெரிசல் நேரத்தில், அதாவது காலை 10 முதல் 1 மணி, மாலை 5 முதல் இரவு 9:30 வரை, நடப்பதில்லை. ஒரு கழிவுக்கு முதல் முயற்சியும் அதிகபட்சம் மூன்று மறுமுயற்சியும்தான். கார்டில் ரேசர்பே அடுத்தடுத்த மூன்று நாளும் முயன்று பார்க்கும். அதுவரை சப்ஸ்கிரிப்ஷன் `pending`. எல்லாம் தோற்றால் `halted`.

இதிலிருந்தே சலுகை நாள் எத்தனை என்பது கிடைக்கிறது. கழிவு 5ஆம் தேதி, மறுமுயற்சி 6, 7, 8. ஆகவே `valid_till` 9ஆம் தேதியாக இருக்கட்டும். 10ஆம் தேதி காலைதான் சிவப்பாகத் தெரியும். உறுப்பினர் பார்க்கும் பக்கத்தில் “அடுத்த கட்டணம் 5ஆம் தேதி” என்றே காட்டுங்கள். 9 என்று காட்டினால் அதுவே கெடுவாகிவிடும். `halted` ஆனதும் அவருக்கு ஒரு முறைக்கான பணம் செலுத்தும் இணைப்பும், மேண்டேட்டைப் புதுப்பிக்கும் இணைப்பும் சேர்ந்தே போக வேண்டும். முதலாவது மட்டும் போனால் அடுத்த மாதமும் இதே கதை.

பணம் வந்த செய்தியை ரேசர்பே தானாகவே உங்கள் தளத்துக்கு அனுப்பும்; இதற்குப் பெயர் வெப்ஹுக். `subscription.charged` வந்தால் 30 நாள் கூட்டு என்று எழுதுவது எளிது, அங்கேதான் பழுதும். உங்கள் தளம் ஐந்து நொடிக்குள் பதில் தராவிட்டால் அதே செய்தி மறுபடி வரும், 30 நாள் 60 ஆகும். இருக்கும் தேதியோடு கூட்டாதீர்கள், செய்தியில் வரும் `current_end` தேதியை `period_end` ஆக எடுத்து, நான்கு சலுகை நாள் தள்ளி அங்கே கொண்டுபோய் வையுங்கள். எத்தனை முறை வந்தாலும் விடை மாறாது:

```sql
UPDATE members
SET valid_till = GREATEST(valid_till, CAST(:period_end AS date) + 4)
WHERE subscription_id = :sub_id;
```

அந்த `current_end` தேதியாக வராமல், நொடிகளை எண்ணும் யூனிக்ஸ் நேரமாக வருகிறது. இந்திய நேரம் நள்ளிரவு 12 என்பது உலகப் பொது நேரமான யூடிசியில் முந்தைய நாள் 18:30. சர்வரின் நேரவலயத்தை அப்படியே விட்டு அதைத் தேதியாக மாற்றினால் 5ஆம் தேதி 4 ஆகிவிடும், எல்லாருக்கும் ஒரு நாள் குறையும். மாற்றும் இடத்தில் `Asia/Kolkata` என்று வெளிப்படையாகக் குறிப்பிடுங்கள். வகுப்பு உருவாக்கும் இரவு வேலைக்கும் இதே எச்சரிக்கை: இந்திய நேரம் காலை 5:30க்கு முன் யூடிசியில் இன்னும் நேற்றுதான்.

`X-Razorpay-Signature` தலைப்பைச் சரிபார்க்காமல் எந்தச் செய்தியையும் நம்ப வேண்டாம். அந்த முகவரி தெரிந்த யாரும் “பணம் வந்தது” என்று அனுப்பலாம். சரிபார்ப்பு, வந்த உரையை அப்படியே வைத்துச் செய்ய வேண்டும். ஜேசனாகப் பிரித்து மறுபடி கோத்தால் ஓர் இடைவெளி மாறினாலும் கையொப்பம் பொருந்தாது. “சோதனையில் ஓடியது, இப்போது ஓடவில்லை” என்ற புலம்பலுக்குப் பெரும்பாலும் இதுவோ, சோதனை முறையின் ரகசியச் சொல்லை மாற்றாமல் விட்டதோதான் காரணம்.

ஊருக்குப் போகிறேன், ஒரு மாதம் நிறுத்தி வையுங்கள் என்று கேட்பார்கள். முழு மாதமாக மட்டும் நிறுத்த அனுமதியுங்கள். பத்து நாள், பன்னிரண்டு நாள் என்று நிறுத்தினால் அவருடைய தேதி 5ஆம் தேதியிலிருந்து விலகும், கழிவோ 5ஆம் தேதியே நடக்கும். இரண்டையும் பொருத்தும் வேலை மேசைக்காரர் தலையில் விழும். சில நாள் வராதவருக்கு ஈடு வகுப்பு இருக்கிறது.

விலை உயர்வையும் இப்போதே யோசிக்க வேண்டியிருக்கிறது. ரேசர்பேயில் ஒரு பிளானின் தொகையை உருவாக்கிய பின் திருத்த முடியாது, புதுப் பிளான்தான். யூபிஐயில் இருப்பவர்கள் புது மேண்டேட்டுக்கு மறுபடி ஒப்புதல் தர வேண்டிவரும், அதில் சிலர் கழன்றுகொள்வார்கள். நம் நிலையத்தில் 85 பேர் × ₹1,800 × 12 என்றால் ஆண்டுக்கு ₹18,36,000. சேவைக்கான ஜிஎஸ்டி பதிவு வரம்பு ₹20 லட்சம். இன்னும் எட்டு பேர் சேர்ந்தால் தாண்டிவிடும். 2025 செப்டம்பர் 22 முதல் யோகா நிலையங்களுக்கு வரி 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது, ஆனால் நிலையம் வாங்கும் பொருள்களுக்குக் கட்டிய வரியை அதில் ஈடுசெய்ய முடியாது. அப்படியிருந்தும் ₹1,800 மீது 5 சதவீதம் சேர்த்தால் ₹1,890. மேண்டேட் எல்லாம் ₹1,800இல் நிற்கும். ₹1,800க்குள்ளேயே வரியை அடக்குவதா, முதலிலிருந்தே ₹1,900 என்று வைப்பதா என்பதைத் தளம் திறக்குமுன் கணக்காளரோடு பேசி முடிவு செய்யுங்கள்.

இலவச வகுப்பு

“கார்டு கொடுங்கள், ஏழு நாள் இலவசம், பிறகு தானாகக் கழியும்” என்ற ஏற்பாட்டை வெளிநாட்டுத் தளங்களைப் பார்த்துக் கேட்கும் உரிமையாளர்கள் உண்டு. இந்தியாவில் அது வேண்டாம். 2023 நவம்பர் 30 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட, தளங்கள் நுகர்வோரை ஏமாற்றும் இருண்ட உத்திகள் குறித்த வழிகாட்டுதலில், இலவசச் சேவைக்காகப் பணம் செலுத்தும் விவரத்தையோ தானியங்கிக் கழிவு ஒப்புதலையோ கட்டாயமாகக் கேட்பது சந்தாப் பொறி என்ற வகையில் வருகிறது. சட்டத்தை விட்டாலும், பார்க்காத கூடத்துக்கு மேண்டேட் கொடுக்க யார் முன்வருவார்? ரத்து செய்யும் வழியை ஒளித்து வைப்பதும் அதே பொறியில் சேரும். உறுப்பினர் பக்கத்திலேயே ரத்துப் பொத்தான் இருக்கட்டும். அழுத்தினாலும் கட்டிய தேதி வரை அவர் வரலாம், ஏனென்றால் `valid_till` அப்படியே இருக்கிறது.

இலவசம் என்பது ஏழு நாளா, ஒரு வகுப்பா? 18 பாய் கூடத்துக்கு ஒரு வகுப்பே சரி. ஒவ்வொரு வகுப்பிலும் 2 பாய் புதியவருக்கு என்று ஒதுக்கினால் உறுப்பினருக்கு 16. முந்தைய இரவு 9 மணி வரை யாரும் பதியாவிட்டால் அந்த இரண்டும் ஈடு வகுப்புக்காரர்களுக்குத் திறக்கட்டும். ஒரே வகுப்பில் நான்கைந்து புதியவர் வந்துவிட்டால் ஆசிரியர் அவர்களைத் திருத்துவதிலேயே நேரம் போய், பணம் கட்டுகிறவர்கள் முணுமுணுப்பார்கள். உயர்நிலை பேட்ச்கள் இலவசப் பட்டியலில் தெரியவே கூடாது. உறுப்பினர் சேர்க்கை நிரம்பிவிட்ட பேட்ச்சையும் காட்ட வேண்டாம். காலை 5:45ஐ ரசித்துவிட்டு “அதில் இடமில்லை” என்று கேட்பவர் 9:30க்குச் சேருவது அரிது.

படிவத்தில் பெயர், கைபேசி எண், வகுப்புத் தேதி மூன்றும் போதும். முதலில் “உங்களைத் தொடர்பு கொள்கிறோம்” என்று எண்ணை மட்டும் வாங்கும் படிவம் பயனற்றது. மறுநாள் அழைக்கும்போது அவர் ஆர்வம் ஆறியிருக்கும். தேதியைத் தேர்ந்தால்தான் பதிவு. எண்ணை ஓடிபியால் உறுதி செய்து, `+91` முன்னொட்டோடு ஒரே வடிவில் சேமியுங்கள். 98-இல் தொடங்கும் எண்ணும் 098-இல் தொடங்கும் அதே எண்ணும் இரண்டு ஆளாகப் பதிவானால் இரண்டு இலவச வகுப்பு போகும். ஓடிபி குறுஞ்செய்திக்கு, வணிகச் செய்தி அனுப்புவோருக்கான டிஎல்டி பதிவும் செய்தி வார்ப்புரு ஒப்புதலும் தேவை. அதைக் கடைசி வாரத்தில் தொடங்கினால் திறப்பு விழா தள்ளிப்போகும். பேமெண்ட் கேட்வே ஒப்புதலும் அப்படியே: கட்டணம் திரும்பத் தரும் விதி, நிபந்தனைகள், தொடர்பு முகவரிப் பக்கங்கள் தளத்தில் இருந்தால்தான் கணக்கு இயங்கும். இவை இரண்டும் நிரல் எழுதத் தொடங்கும் நாளிலேயே தொடங்க வேண்டிய வேலை.

உடல்நலக் கேள்வி கட்டாயம் வேண்டும், ஆனால் விவரம் வேண்டாம். “ரத்த அழுத்தம், குடலிறக்கம், முதுகுத்தண்டு வட்டுப் பிரச்சினை, அண்மையில் அறுவை சிகிச்சை, கர்ப்பம் இவற்றில் ஏதேனும் உண்டா?” என்று ஒரே பெட்டி. ஆம் என்றால் ஆசிரியருக்குக் குறிப்பு போகும், அவர் வகுப்புக்கு முன் அழைத்துப் பேசுவார். மருத்துவ அறிக்கையை ஏற்றச் சொல்லி, அதை ஒரு விலை குறைந்த சர்வரில் வருடக்கணக்கில் வைத்திருப்பதைவிட இது எல்லாருக்கும் நல்லது.

பதிந்தவர்களில் ஒரு பகுதி வரமாட்டார்கள். முந்தைய மாலை 6 மணிக்கு ஒரு வாட்ஸ்அப்: கூடத்தின் வரைபட இணைப்பு, வண்டி எங்கே நிறுத்துவது, தளர்வான உடை, சாப்பிட்டு மூன்று மணி நேரம் கழித்து வர வேண்டும் என்ற குறிப்பு, “வரவில்லை” என்று சொல்ல ஒரு பொத்தான். அந்தக் கடைசிப் பொத்தான்தான் பாயைக் காப்பாற்றும். வர இயலாதவர் கூச்சத்தில் அழைத்துச் சொல்லமாட்டார், பொத்தானை அழுத்திவிடுவார்.

வகுப்பு முடிந்ததும் முன்மேசையில் “வந்தார்” என்று குறித்தவுடன் அவருக்கு ஒரு இணைப்பு போக வேண்டும். அதில் பெயர், எண் எல்லாம் ஏற்கெனவே நிரம்பியிருக்கும். பேட்ச்சைத் தேர்ந்தால் இன்றைய தேதிக்கான விகிதத் தொகையும் அடுத்த 5ஆம் தேதித் தொகையும் தெரியும். மறுபடி முதலிலிருந்து படிவம் நிரப்பச் சொல்வதுதான் பலரை “வீட்டுக்குப் போய்ப் பார்க்கிறேன்” என்று சொல்ல வைக்கிறது. வராதவருக்கு இந்த இணைப்பு போகக் கூடாது. அவருக்கு மறுதேதி தேர்ந்தெடுக்க ஒரே ஒரு வாய்ப்பு, அதையும் தவறவிட்டால் பட்டியலிலிருந்து விலக்கிவிடலாம்.

திறப்பதற்கு முன் சோதனை முறையில் இந்த ஐந்தையாவது ஓட்டிப் பாருங்கள். கடைசி ஒரு பாயை இரண்டு கைபேசியில் ஒரே நேரத்தில் எடுப்பது. ஒரே வெப்ஹுக்கை இரண்டு முறை அனுப்பி `valid_till` மாறுகிறதா என்று பார்ப்பது. ஜூன் 19 அன்று சேர்ந்து ₹960 வருகிறதா என்று பார்ப்பது. கழிவைத் தோற்கடித்து, 9ஆம் தேதி உள்ளே விடுகிறதா, 10ஆம் தேதி நிறுத்துகிறதா என்று பார்ப்பது. ஐந்தாவதற்குக் கணினி வேண்டாம்: மேசையில் இருக்கப்போகிறவரின் கைபேசியில் பட்டியலைத் திறந்து, காலை 5:40க்குக் கூடத்தின் வாசலில் நின்று, அங்கே இணையம் கிடைக்கிறதா என்று பார்ப்பது. கிடைக்காவிட்டால் முந்தைய இரவு 9:30க்கு அடுத்த நாள் பட்டியல் அவர் வாட்ஸ்அப்புக்குத் தானாக வந்து சேரும்படி செய்துவிடுங்கள்.